பஞ்சு வாங்குபவர் ஓய்வு பெற்றால்: பதவித் தொடர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் வாசிப்பதும்

ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி விலகுகிறார் என்று செய்தி வந்ததும், "அடுத்தவர் யார் என்று திட்டம் வைத்திருக்கிறார்களா?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. நிறுவனமும் திட்டம் தயாராக இருப்பதாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தத் திட்டம் எப்படி இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கும் என்பது வெளியே இருக்கும் பலருக்கும் தெரியாது. உள்ளே வேலை செய்பவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. மனிதவளத் துறையினர் சக்சஷன் பிளான் என்று சொல்லும் இந்த ஆவணத்தைத் தமிழில் பதவித் தொடர்ச்சித் திட்டம் எனலாம். அதில் இருக்க வேண்டியவை என்ன, உண்மையில் இருப்பவை என்ன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சட்டம் எவ்வளவு கேட்கிறது

இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு செபியின் 2015ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். அவற்றின் 17(4)ஆம் விதி, இயக்குநர் குழுவிலும் உயர் நிர்வாகத்திலும் பதவிகள் ஒழுங்காகக் கைமாறுவதற்குத் திட்டம் இருக்கிறது என்று இயக்குநர் குழு தனக்குத்தானே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். அந்தத் திட்டத்தை வெளியிட வேண்டும் என்றோ, அதில் இன்னின்ன பகுதிகள் இருக்க வேண்டும் என்றோ அந்த விதி சொல்லவில்லை.

2023இல் இதோடு 26ஏ என்ற விதி சேர்ந்தது. தலைமைச் செயல் அதிகாரி, நிர்வாக இயக்குநர், தலைமை நிதி அதிகாரி போன்ற பதவிகள் காலியானால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் ஆள் போட வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 203ஆம் பிரிவு தரும் ஆறு மாதத்தை விட இது குறைவு. பெயருக்கு ஒரு தற்காலிக அதிகாரியை உட்கார வைத்துவிட்டுக் காலத்தை ஓட்டவும் வழியில்லை. தற்காலிக நியமனமும் புதிய நியமனத்துக்கு உரிய சட்டங்களின்படியே நடக்க வேண்டும்.

வெளியிலிருந்து ஒரு தலைமை அதிகாரியைத் தேடிப் பிடித்து, அவர் பழைய வேலையின் நோட்டீஸ் காலத்தை முடித்து வந்து சேர மூன்று மாதம் பெரும்பாலும் போதாது. ஆக, பெயர் முன்பே கையில் இருக்க வேண்டும். ஆவணத்தின் தேவை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் சட்டம் கவலைப்படுவது மேல்மட்டத்தைப் பற்றி மட்டும். கீழே, சட்டத்தின் கண்ணில் படாத பதவிகளில்தான் பல நிறுவனங்கள் அடி வாங்குகின்றன.

ஆவணத்தின் மூன்று பகுதிகள்

1. முக்கியப் பதவிகள். ஆள் இல்லாமல் போனால் தொழிலுக்கு நேரடிச் சேதம் வரக்கூடிய பதவிகள் எவை, ஏன் என்ற பட்டியல்.

2. அடுத்தவர்கள். ஒவ்வொரு பதவிக்கும் யார் வரக்கூடும், எப்போது தயாராவார் என்ற மதிப்பீடு. "உடனே தயார்", "ஓரிரு ஆண்டில் தயார்", "மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும்" என்று மூன்று படிகளாகப் பிரிப்பது வழக்கம்.

3. வளர்ப்புப் படிகள். இன்று இருக்கும் இடத்திலிருந்து அந்தப் பதவிக்கு அவரைக் கொண்டுவர என்ன வேலை தர வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு, முடிந்ததற்கு என்ன சான்று.

இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று இருக்கிறது: அவசர மாற்று. நாளைக் காலை ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் கையெழுத்துப் போடுவது யார் என்பதற்கான பதில் அது. அவசர மாற்று ஆள் சில வாரம் தாக்குப்பிடித்தால் போதும், பதவிக்கு வரும் அடுத்தவர் பல ஆண்டு நடத்த வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல ஆவணங்களில் இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

எது முக்கியப் பதவி?

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. நிறுவனத்தின் பதவி வரிசையை எடுத்து, மேலிருந்து பத்துப் பெட்டிகளை எண்ணி, அவையே முக்கியப் பதவிகள் என்று எழுதிவிடுவது. சம்பளம் பெரிதாக இருப்பதும் பதவி முக்கியமானதாக இருப்பதும் வேறு வேறு.

கோவைப் பக்கம் இருக்கும் 25,000 கதிர்கள் கொண்ட ஒரு நூற்பாலையை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். 40ஆம் நம்பர் நூலை மூன்று ஷிப்டிலும் ஓட்டுகிறது. ஒரு நாளுக்கு ஏறத்தாழ 50 பேல் பஞ்சு தேவைப்படும். பேல் ஒன்றுக்கு 170 கிலோ. பதவி வரிசையில் பொது மேலாளர், நிதி மேலாளர், மனிதவள மேலாளர் எல்லாரும் மேலே இருப்பார்கள். பஞ்சு வாங்குபவர் ஒரு படி கீழே இருப்பார். ஊரில் அவரை காட்டன் செலெக்டர் என்றும் சொல்வார்கள்.

மனிதவள மேலாளர் போனால் என்ன ஆகும்? சிரமம்தான், ஆனால் அந்த வேலை தெரிந்தவர்கள் சந்தையில் கிடைப்பார்கள். சம்பளம் இரண்டு நாள் தாமதமானாலும் உடனே தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். பஞ்சு வாங்குபவர் கதை வேறு. நூலின் அடக்கவிலையில் பாதிக்கு மேல் பஞ்சுதான். அதைவிட முக்கியம், அவர் செய்யும் தவறு அன்றே தெரியாது.

பஞ்சு இழையின் நுண்மையையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் அளவுக்கு மைக்ரோனேர் என்று பெயர். வாங்கும் லாட்டுகளில் இது கூடக் குறைய இருப்பது சகஜம். அதைப் பார்த்து, வெவ்வேறு லாட்டுப் பஞ்சைச் சமன்படுத்திக் கலக்க வேண்டும்; இதற்கு மிக்ஸிங் என்று பெயர். கவனிக்காமல் ஒரு வாரம் குறைந்த மைக்ரோனேர் பஞ்சும் அடுத்த வாரம் கூடின பஞ்சுமாக ஓட்டிவிட்டால் நூல் பார்க்க நன்றாகவே இருக்கும், நூலின் பருமனைக் காட்டும் கவுண்டும் சரியாக இருக்கும், வண்டி ஏறிப் போய்விடும். திருப்பூரில் அந்த இரண்டு வார நூலும் ஒரே துணியில் பின்னப்பட்டு, சாயம் போட்ட பிறகுதான் துணியின் குறுக்கே பட்டை பட்டையாகச் சாயம் ஏறி இறங்கி நிற்கும். அதற்குள் பல வாரம் ஓடியிருக்கும். சாயப்பட்டறை, பனியன் கம்பெனி, ஏற்றுமதியாளர் என்று மூன்று பேர் மில்லிடம் நஷ்டஈடு கேட்டு வருவார்கள்.

ஆகவே ஒரு பதவி முக்கியமானதா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. தவறு நடந்தால் எவ்வளவு காலம் கழித்துத் தெரியும்? அந்த வேலையைத் தெரிந்த ஆள் வெளியே எவ்வளவு சீக்கிரம் கிடைப்பார்? இந்த மில்லில் இந்தச் சல்லடையில் போட்டால் மூன்று பேர் மிஞ்சுவார்கள்: பஞ்சு வாங்குபவர், ஸ்பின்னிங் மாஸ்டர், மெயின்டனன்ஸ் தலைவர். இருபது பதவிகளை எழுதி வைத்திருக்கும் ஆவணத்தை விட, மூன்றை எழுதி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லும் ஆவணம் மேல்.

"தயார்" என்று எழுதுவதற்கு முன்

இரண்டாம் பகுதியில் பெயர்கள் வரும். நம் மில்லில் பஞ்சு வாங்குபவருக்கு 56 வயது, ஓய்வு 58இல். அதாவது கையில் இருப்பது இரண்டு பருவம். பஞ்சு ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது, வரத்தின் பெரும்பகுதி மார்ச்சுக்குள் வந்துவிடும். ஆண்டு என்று எண்ணுவதை விட இந்தப் பதவிக்குப் பருவம் என்று எண்ணுவதுதான் சரி. ஏனென்றால் ஒரு பருவத்தைத் தவறவிட்டால் கற்றுக்கொள்ள அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டு பேர் கண்ணில் படுகிறார்கள். ஒருவர் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தின் பொறுப்பாளர், 38 வயது. எச்.வி.ஐ. கருவி தரும் நீளம், வலிமை, மைக்ரோனேர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலை வாசலில் நின்று ஒரு லாட்டுக்கு விலை பேசியதில்லை. இன்னொருவர் கொள்முதல் உதவியாளர், 29 வயது. புரோக்கர்கள் அனைவரையும் தெரியும், பணம் எப்போது போக வேண்டும் என்று தெரியும். மிக்ஸிங் பற்றி ஒன்றும் தெரியாது.

சாதாரணமாக ஆவணத்தில் என்ன எழுதுவார்கள்? "ஆய்வகப் பொறுப்பாளர் – உடனே தயார்." காரணம் கேட்டால் நல்ல ஆள், பொறுப்பானவர், பன்னிரண்டு வருட அனுபவம் என்பார்கள். இவை எல்லாம் இன்று அவர் இருக்கும் வேலையை நன்றாகச் செய்கிறார் என்பதற்கான சான்றுகள். அடுத்த வேலையைச் செய்வார் என்பதற்குச் சான்று அந்த வேலையின் ஒரு துண்டையாவது அவர் தனியாகச் செய்து, விளைவு வந்திருப்பதுதான். அப்படி ஒன்று இல்லாதவரை அவரை "இரண்டு பருவத்தில் தயார்" என்று எழுதுவதே நேர்மை. உதவியாளருக்கு நான்கைந்து பருவம் ஆகும்.

அவசர மாற்றுக்குத் தனியாக ஒரு வரி: நாளையே ஆள் இல்லாமல் போனால் ஸ்பின்னிங் மாஸ்டர் மிக்ஸிங்கைப் பார்ப்பார், வாங்கும் கையெழுத்து நிர்வாக இயக்குநருடையது, புதிய ஜின்னர்களிடம் வாங்குவதில்லை. குடோனில் மூன்று மாதச் சரக்கு இருந்தால் இந்த ஏற்பாடு ஓடும். ஒரு மாதச் சரக்குத்தான் இருக்கிறது என்றால் ஓடாது. இந்தக் கணக்கும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

வளர்ப்புப் படிகள்: ஒரு பக்கம், நெருக்கமாக

மூன்றாம் பகுதியில் "தலைமைப் பண்புப் பயிற்சி, சந்தை அனுபவம், வழிகாட்டுதல்" என்று எழுதியிருந்தால் அந்த ஆவணத்தை மடித்து வைத்துவிடலாம். யாருக்கும் எந்தத் திங்கட்கிழமையும் அதை வைத்து வேலை செய்ய முடியாது. நம் ஆய்வகப் பொறுப்பாளருக்கான பக்கத்தை எழுதிப் பார்ப்போம்.

1. முதல் பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை. பஞ்சு வாங்குபவருடன் குஜராத், தெலங்கானா பயணங்களுக்குப் போவார். ஒவ்வொரு லாட்டிலும் மாதிரியைக் கையில் இழுத்துப் பார்த்து நீளம், கழிவு, கொடுக்கத்தக்க விலை மூன்றையும் கருவி அறிக்கை வருவதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். பிறகு அறிக்கையோடும் மூத்தவர் பேசி முடித்த விலையோடும் ஒப்பிடுவார்கள். மார்ச்சில் கடைசிப் பத்து லாட்டுகளில் எட்டிலாவது நீளம் ஒரு மில்லிமீட்டருக்குள் பொருந்தியிருக்க வேண்டும் என்பது இந்த மில் வைத்துக்கொள்ளும் அளவு. பொறுப்பு பஞ்சு வாங்குபவர், சான்று அந்த நோட்டு.

2. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வரத்து குறைந்த மாதங்கள். மிக்ஸிங் திட்டத்தை இவர் போடுவார், மூத்தவர் சரிபார்ப்பார். கூடவே கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, சரக்கைப் பருவத்திலேயே வாங்கி வைத்தால் வட்டி எவ்வளவு, ஆகஸ்டில் வாங்கினால் விலை எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட வேண்டும். ஆய்வகத்திலிருந்து வருபவருக்கு இதுதான் பெரிய ஓட்டை. நல்ல பஞ்சு எது என்று தெரியும், எப்போது வாங்கினால் கட்டுப்படியாகும் என்று தெரியாது.

3. இரண்டாம் பருவம், டிசம்பருக்குள். 1,000 பேலைத் தனியாகத் தேர்ந்து, பேசி, வாங்க வேண்டும். மில்லுக்கு இது இருபது நாள் தேவை. 356 கிலோ கேண்டிக்கு 55,000 ரூபாய் என்று வைத்தால் சுமார் 2.6 கோடி ரூபாய். தவறினால் வலிக்கும், ஆனால் மில் மூழ்காது. வளர்ப்புப் படிக்கு ஏற்ற அளவு அதுதான். இந்த லாட்டுகள் நூலாகி, வாடிக்கையாளரிடம் சாயம் ஏறி வரும் வரை பார்த்துவிட்டுத்தான் இந்தப் படி முடிந்ததாக எழுத வேண்டும். அதாவது டிசம்பரில் வாங்கியதற்கு மதிப்பெண் மார்ச்சில்.

4. இரண்டாம் பருவம், ஜனவரி. வரத்து உச்சத்தில் இருக்கும்போது மூத்தவர் மூன்று வாரம் விடுப்பில் போவார். போன் எடுக்க மாட்டார். திரும்பி வந்ததும், இல்லாத நாட்களில் எந்த முடிவுகள் நிர்வாக இயக்குநர் வரை போயின என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டோ மூன்றோ என்றால் சரி. பதினைந்து என்றால் ஆள் இன்னும் தயார் இல்லை, அல்லது கையெழுத்து அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கவே இல்லை. இரண்டில் எது என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். பழி பெரும்பாலும் ஆள் மேல் விழும், காரணம் பெரும்பாலும் அதிகாரம் கொடுக்காததாக இருக்கும்.

இந்தப் பக்கத்தில் எழுதப்படாத ஒரு சிக்கல் உண்டு. இரண்டு படிகளுக்குப் பொறுப்பாளராக நாம் போட்டிருப்பது ஓய்வு பெறப் போகிறவரை. அவர் ஏன் கற்றுத்தர வேண்டும்? எந்த ஜின்னர் ஈரம் கூட்டி அனுப்புவார், எந்தப் புரோக்கர் சொன்ன சொல் தவறமாட்டார் என்பதெல்லாம் முப்பது வருடத்தில் அவர் சேர்த்த சொத்து. அதை இறக்கி வைத்துவிட்டால் தன்னை இரண்டு வருடம் முன்பே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். இதற்கு அறிவுரை உதவாது. 58க்குப் பிறகு ஒரு பருவத்துக்கு ஆலோசகராக இவ்வளவு கட்டணத்தில் வைத்துக்கொள்கிறோம் என்று இப்போதே கடிதம் கொடுத்துவிடுவது உதவும். அந்தச் செலவும் திட்டத்தின் ஒரு வரிதான்.

ஒரு நாற்காலி காலியானால் பின்னாலேயே இன்னொன்று

ஆய்வகப் பொறுப்பாளர் மேலே போனால் ஆய்வகம் யாரிடம்? ஒவ்வொரு நகர்வும் கீழே ஒரு காலியிடத்தை உண்டாக்குகிறது. அதைக் கடைசி வரை தொடர்ந்து எழுதாத ஆவணம் பாதி ஆவணம்தான். ஒரே திறமைசாலியின் பெயர் மூன்று பதவிகளுக்கு எதிரே இருந்தால் மூன்றுக்கும் ஆள் இருப்பதாகத் தோன்றும், உண்மையில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

அடுத்தடுத்து இரண்டு முறை அடி விழுந்த ஒரு நிறுவனத்தின் கதை இதை நன்றாகக் காட்டும். 2004 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில் மெக்டொனால்ட்ஸ் கடை உரிமையாளர்களின் மாநாடு. அன்று அதிகாலையில் நிறுவனத் தலைவரும் தலைமைச் செயல் அதிகாரியுமான ஜிம் கான்டலுப்போ மாரடைப்பால் இறந்துபோனார். சில மணி நேரத்தில் இயக்குநர் குழு கூடி, சார்லி பெல்லைத் தலைமைச் செயல் அதிகாரியாக அறிவித்தது. சிட்னியில் 15 வயதில் கடையில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர் அவர். அப்போது செயல்பாடுகள் முழுவதற்கும் பொறுப்பான அதிகாரி. கான்டலுப்போ வகித்த இரண்டு பதவிகளையும் பிரித்து, தலைவர் பொறுப்பை இயக்குநர் ஆண்ட்ரூ மெக்கென்னாவிடம் கொடுத்தார்கள்.

பாராட்டு அடங்குவதற்குள், அடுத்த மாதமே பெல்லுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. நவம்பரில் அவர் விலகினார், 2005 ஜனவரியில் இறந்தார். பெல்லின் இடத்துக்கு நிறுவனத்தில் பல ஆண்டு இருந்த ஜிம் ஸ்கின்னர் வந்து 2012 வரை நடத்தினார்.

முதல் அதிர்ச்சியைத் தாங்க ஒரு பெயர் போதுமாக இருந்தது. இரண்டாவதைத் தாங்க, பெல்லுக்குப் பின்னால் யார் என்ற கேள்விக்கும் பதில் இருந்திருக்க வேண்டும். ஸ்கின்னர் பொறுப்பேற்ற பிறகு மேலாளர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பெயர் தர வேண்டும் என்று கேட்டார்: இன்றே வரக்கூடியவர் ஒருவர், பின்னால் வரக்கூடியவர் ஒருவர். இது பட்டியலை நீட்டுவதற்காக அல்ல. இன்றே தயாராக இருப்பவர் நீண்ட காலம் காத்திருக்க மாட்டார், வேறு நிறுவனம் கூப்பிட்டால் போய்விடுவார். அவர் போன அன்று, பின்னால் வருபவரின் வளர்ப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதுதான் கையிருப்பு.

ஆளிடம் சொல்வதா, வேண்டாமா

"உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது" என்று சொன்னால் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார், சொல்லாவிட்டால் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் போய்விடுவார். இரண்டு பக்கமும் விலை உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக்கில் 2000ஆம் ஆண்டு தலைமைச் செயல் அதிகாரி பதவிக்கு மூன்று பேர் போட்டியில் இருப்பது ஊருக்கே தெரியும். ஜெஃப் இம்மெல்ட்டைத் தேர்ந்தார்கள். மற்ற இருவரில் ஜேம்ஸ் மெக்நெர்னி 3எம் நிறுவனத்துக்கும், ராபர்ட் நார்டெல்லி ஹோம் டிப்போவுக்கும் வெகு சீக்கிரமே தலைவர்களாகப் போய்விட்டார்கள்.

நம் மில் அளவில் பதில் எளிது. வளர்ப்புப் படிகளைச் செய்யச் சொல்லும்போதே ஆளுக்குப் புரிந்துவிடும், ஒளிக்க வழியில்லை. எனவே படிகளை எழுத்தில் கொடுக்கலாம், பதவியை எழுத்தில் கொடுக்க வேண்டாம். படிகள் முடிந்தபின் அந்த இடத்துக்கு அவரை முதலில் பரிசீலிப்போம் என்பது வரை சொல்லலாம்.

கையில் ஓர் ஆவணம் கிடைத்தால் எதைப் பார்ப்பது

1. போன ஆண்டின் ஆவணத்தையும் கேட்டு வாங்கி அருகருகே வைக்கவும். "ஓரிரு ஆண்டில் தயார்" என்ற அதே பெயர் மூன்று ஆண்டாக அதே படியில் இருந்தால் வளர்ப்பு நடக்கவில்லை.

2. கடந்த மூன்று ஆண்டில் காலியான முக்கியப் பதவிகளை எடுத்து, அவற்றில் எத்தனைக்குப் பட்டியலில் இருந்தவர்கள் வந்தார்கள் என்று எண்ணவும். எப்போதும் வெளியாள்தான் வந்திருக்கிறார் என்றால் பட்டியலை எழுதுபவர்கள் ஒரு பக்கம், முடிவெடுப்பவர்கள் வேறு பக்கம்.

3. சொந்தக்காரர்கள் நடத்தும் நிறுவனமானால், குடும்பப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே வளர்ப்புப் படிகளும் சான்றுகளும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். பெரும்பாலும் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். மகன் 1,000 பேல் வாங்கிய நோட்டு இருந்தால் மற்ற ஊழியர்கள் அதை மதிப்பார்கள்.

4. ஆவணத்தைத் திருத்தும் மாதம் எது என்று கேட்கவும். நிதியாண்டின் சம்பள உயர்வோடு சேர்த்து அவசர அவசரமாகச் செய்வது பொதுவான வழக்கம், அப்போது எல்லாரும் எல்லாரையும் நல்லவர் என்றே எழுதுவார்கள். நூற்பாலைக்கு மே மாதம் பொருத்தம். பருவம் முடிந்திருக்கும், நோட்டும் சாயப்பட்டறையிலிருந்து வந்த புகார்களும் கையில் இருக்கும், அடுத்த அக்டோபருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும்.